எலிசா, சிஎல்ஐஏ, நாட்: தினமும் இருபது பை வாங்கும் ரத்த மையத்துக்கு எது சரி?

"மெஷினை நாங்களே வைத்துவிடுகிறோம் சார், கிட் மட்டும் எங்களிடம் வாங்கினால் போதும்." சின்ன ரத்த மையத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் தூக்கம் கெடும். கொடையாளர் ரத்தத்தில் தொற்றைத் தேட இப்போது ஓடும் எலிசாவே போதுமா, அதே வேலையை மெஷினே செய்யும் சிஎல்ஐஏவுக்கு மாறலாமா, இல்லை கடன் வாங்கியாவது வைரஸின் மரபணுவையே தேடும் நாட் போடலாமா என்று எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

எல்லா மையத்துக்கும் பொதுவாக ஒரு பதில் கிடையாது. அதனால் ஒரு மையத்தை மனதில் வைத்துக்கொள்வோம். தினமும் சராசரியாக 20 பை வரும். ஞாயிற்றுக்கிழமை கல்லூரியிலோ கோயில் மண்டபத்திலோ முகாம் நடந்தால் 80 வரை போகும். பகலில் இரண்டு டெக்னீஷியன்கள், இரவில் ஒருவர். கூறு பிரிக்கும் வசதி உண்டு. அதாவது ஒரு பை சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்றாகி மூன்று நோயாளிகளுக்குப் போகும்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை கட்டாயம். நாட் கட்டாயம் இல்லை. நாட் பார்ப்பது முதல் மூன்று வைரஸ்களை மட்டுமே. சிபிலிஸுக்கு ஆர்.பி.ஆர். அட்டையும் மலேரியாவுக்குத் தனிப் பரிசோதனையும் எந்த மெஷின் வந்தாலும் மேசையில் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது சாளரக் காலம். தொற்று உடம்பில் ஏறிய நாளுக்கும், நம் பரிசோதனை அதைப் பிடிக்கும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ரத்தம் கொடுத்தவரின் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், பை சுத்தமாக இருக்காது.

இரண்டாவது, பை வெளியே போக ஆகும் நேரம். சிவப்பணு 35 முதல் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவை மைனஸ் 30 டிகிரியில் ஒரு வருடம் வைக்கலாம். தட்டணுவுக்கு 5 நாள்தான் ஆயுள். பரிசோதனைக்காக ஒரு நாள் காத்திருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டெங்கு சீசனில் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி என்பது. ஒவ்வொரு முறையும், முடிவு தெரிந்த மாதிரியைப் போட்டுச் சரிபார்க்கும் கன்ட்ரோல் கொஞ்சம் கிட்டைச் சாப்பிடும். மாதிரி குறையக் குறைய அந்தச் செலவு தலைக்கு ஏறும்.

நான்காவதைப் பற்றி விற்பனைப் பிரதிநிதி பேசமாட்டார். குழாயில் உள்ள ரத்தமும் பையில் உள்ள ரத்தமும் ஒரே ஆளுடையதுதானா? மனிதக் கை எத்தனை இடத்தில் குறுக்கே வருகிறது?

| முறை | எச்.ஐ.வி. சாளரம் (சுமார்) | ஹெபடைடிஸ் பி சாளரம் (சுமார்) | முடிவு வர |
|---|---|---|---|
| ரேபிட் அட்டை | 3 வாரத்துக்கு மேல் | எலிசாவை விடக் கூடுதல் | அரை மணிக்குள் |
| எலிசா (எச்.ஐ.வி.க்கு நான்காம் தலைமுறை) | 15–17 நாள் | 30–38 நாள் | 2–3 மணி |
| சிஎல்ஐஏ | 15–17 நாள் | எலிசாவுக்குச் சமம் அல்லது சில நாள் குறைவு | முதல் முடிவு ஒரு மணிக்குள் |
| நாட், ஆறு மாதிரி கலந்து | 7–8 நாள் | 22–27 நாள் | அரை நாள். வெளியே அனுப்பினால் மறுநாள் |
| நாட், தனித்தனி | 5–6 நாள் | 15–20 நாள் | அரை நாள். வெளியே அனுப்பினால் மறுநாள் |

நான்காம் தலைமுறை என்றால் ஆன்டிபாடியோடு வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் கிட். கிட்டுக்குக் கிட் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். வரிசை மாறாது.

## ரேபிட் அட்டை

சொட்டு விட்டால் தொற்றுக்குக் கோடு காட்டும் அட்டை. இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கரண்ட் இல்லாமலும் ஓடும், யாரும் செய்யலாம், தனி மாதிரிக்கும் செலவு ஏறாது. ஆனால் கோடு தெரிகிறதா இல்லையா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். மங்கலான கோட்டை இரவு மூன்று மணிக்கு ஒருவர் பார்ப்பதும் காலை பத்து மணிக்கு இன்னொருவர் பார்ப்பதும் ஒன்றல்ல. அட்டை காய்ந்ததும் படித்தது என்ன என்பதற்குச் சாட்சியும் இல்லை.

"ராத்திரி எமர்ஜென்சிக்கு ரேபிட் வேண்டுமே" என்பார்கள். என் அனுபவத்தில், அது பெரும்பாலும் பரிசோதனைப் பிரச்சினை இல்லை, இருப்புப் பிரச்சினை. முன்கூட்டியே பரிசோதித்து முடித்த பைகள் ஒவ்வொரு குரூப்பிலும் ஃபிரிட்ஜில் இருந்தால், இரவில் உறவினரைக் கூப்பிட்டுக் குத்தி அவசரமாக அட்டை போடும் வேலையே வராது. அரிய நெகட்டிவ் குரூப் ஒன்று திடீரெனத் தேவைப்படும்போது மட்டும் ரேபிட் வைத்து வெளியிட்டு, மறுநாள் அதே மாதிரியை எலிசாவில் போட்டுப் பதிவில் எழுதி வைக்கலாம். அதற்கு மேல் அதை நம்புவது சரியில்லை.

## எலிசா

96 குழி கொண்ட பிளேட். குழியின் அடியில் கிருமியின் புரதமான ஆன்டிஜனோ அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியோ பூசியிருக்கும். சீரத்தை விட்டு 37 டிகிரியில் வைத்து, கழுவி, நிறம் வரவழைக்கும் நொதி ஒட்டிய கான்ஜுகேட் விட்டு, மறுபடி வைத்து, மறுபடி கழுவி, நிறம் தரும் திரவத்தை விட்டால் தொற்று உள்ள குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் ரீடர் படித்து, கட்-ஆஃப்புக்கு மேலா கீழா என்று சொல்லும்.

நம் 20 பை மையத்துக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 மாதிரி, கன்ட்ரோலுக்குச் சுமார் 6 குழி, ஆக 26. எட்டுக் குழி கொண்ட பட்டையாக உடைத்துப் போடலாம் என்பதால் நான்கு பட்டை, 32 குழி. மிச்சம் 6. அதில் ஒன்றில் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வெளிக் கன்ட்ரோலைப் போடலாம். வீணாவது குறைவு. அதே மையம் தினம் 4 பைதான் வாங்குகிறது என்றால், நாலு மாதிரிக்கு ஆறு கன்ட்ரோல். அங்கே எலிசா கட்டுப்படியாகாது. அதனாலேயே பல சின்ன மையங்கள் மூன்று நாள் மாதிரியைச் சேர்த்து ஒரே பிளேட் போடுகின்றன. அந்த மூன்று நாளில் தட்டணு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு கழுவுவதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் ஒரு நாள் காலை, ஹெபடைடிஸ் சி பிளேட்டில் சி வரிசை மட்டும் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை வெளிர் மஞ்சள். மற்ற ஏழு வரிசையும் சுத்தம். தற்செயலாக ஒரே வரிசையில் அத்தனை பேருக்கும் ஹெபடைடிஸ் சி இருக்க முடியாது. வாஷரைக் கழற்றிப் பார்த்தால், எட்டு ஊசியில் மூன்றாவது உப்பு படிந்து அடைத்திருந்தது. அந்த வரிசையில் கான்ஜுகேட் சரியாக வெளியேறாமல் தங்கி நிறம் கொடுத்திருக்கிறது. முந்தின நாள் வாஷரில் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு அலசாமல் போனதால் வந்த வினை. வரிசை முழுக்க நிறம் வந்தால் வாஷரைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து, திரும்பப் போட்டால் நெகட்டிவ் ஆனால், சீரத்தில் ஃபைப்ரின் இழை இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக உறையுமுன் சுழற்றிய முகாம் குழாய்களில் இது அடிக்கடி வரும்.

தவறாகப் பாசிட்டிவ் வந்தால் ஒரு பை போகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது தவறான நெகட்டிவுக்கு. கையால் பிப்பெட் செய்யும்போது ஒரு குழி விட்டுப்போனால் அது அழகாக நெகட்டிவ் என்றே படிக்கும். மாதிரி விழுந்ததும் திரவம் நிறம் மாறும் கிட்களை வாங்குவது இதற்காகத்தான். சில ரூபாய் கூடினாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

எலிசா பொருந்தும் இடம்: தினம் 15 முதல் 60 மாதிரி, பகலில் ஒரு தடவை மொத்தமாகப் போட முடிகிற மையம், கை பழகிய டெக்னீஷியன்.

## சிஎல்ஐஏ

தத்துவம் எலிசாவுடையதுதான். நிறத்துக்குப் பதில் ஒளி. கைக்குப் பதில் மெஷின். குழாயில் உள்ள பார்கோடை மெஷினே படிக்கும், மாதிரியை அதுவே உறிஞ்சும், உறைவு சிக்கினால் கத்தும். ஒரே ஒரு மாதிரி வந்தாலும் உடனே போடலாம். குழி விட்டுப்போகும் பயம் இல்லை. நான்காவது அளவுகோலில் இதற்குத்தான் நல்ல மதிப்பெண்.

சாளரக் காலத்தில் பெரிய லாபம் என்று நினைத்து வாங்காதீர்கள். எச்.ஐ.வி.யில் நான்காம் தலைமுறை எலிசாவும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று. இதை வாங்கக் காரணம் ஆள் செய்யும் தவறு குறைவதுதான். அது போதுமான காரணமும்கூட.

மறைந்த செலவு ஒப்பந்தத்தில் இருக்கும். "இலவச மெஷின்" என்றால் மாதம் இத்தனை டெஸ்ட் கட்டாயம் என்று ஒரு வரி எங்காவது இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடினால் முகாம் படுத்துவிடும் என்பது நமக்குத் தெரியும், ஒப்பந்தம் எழுதுபவருக்குத் தெரியாது. அப்புறம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொற்றுக்கும் இரண்டு மூன்று கன்ட்ரோல், லாட் மாறினால் காலிபிரேஷன், திறந்த ரீஏஜென்ட் மெஷினுக்குள் சுமார் ஒரு மாதம்தான் தாங்கும் என்ற கணக்கு. 20 மாதிரிக்கு 3 கன்ட்ரோல் என்றால் பரவாயில்லை. 5 மாதிரிக்கு 3 என்றால் யோசிக்க வேண்டும். ஏ.சி., யு.பி.எஸ்., மெஷின் படுத்தால் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிசா வாஷரையும் ரீடரையும் அப்போது பழைய இரும்புக்குப் போட்டிருக்காதீர்கள்.

சிஎல்ஐஏ பொருந்தும் இடம்: நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி வரும் மருத்துவமனை மையம், அனுபவமுள்ள ஆள் அடிக்கடி மாறும் இடம், தட்டணுவை அன்றே வெளியிட வேண்டிய இடம்.

## நாட்: தனித்தனியா, கலந்தா

எலிசாவும் சிஎல்ஐஏவும் பெரும்பாலும் உடம்பு காட்டும் எதிர்வினையையோ வைரஸின் புரதத்தையோ தேடுகின்றன. நாட் தேடுவது வைரஸின் மரபணுவை. அதனால் முந்திக்கொள்கிறது. ஹெபடைடிஸ் சி-யில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: ஆன்டிபாடி தெரிய சுமார் 58 முதல் 70 நாள் ஆகும், மாதிரியைத் தனியாகப் போடும் நாட் முறைக்கு ஒரு வாரம்கூட வேண்டாம்.

இதிலேயே இரண்டு வழி. ஒவ்வொரு மாதிரியையும் தனியாகப் போடலாம். அல்லது ஆறு பேருடைய பிளாஸ்மாவைக் கலந்து ஒன்றாகப் போட்டு, பாசிட்டிவ் வந்தால் ஆறையும் பிரித்துப் பார்க்கலாம். கலப்பது மலிவு. ஆனால் ஆறு மடங்கு நீர்க்கிறது. இதன் விலை என்ன என்று கணக்குப் போடலாம், ரொம்ப எளிது.

ஆறு மடங்கு நீர்த்த வைரஸ் பழைய அளவுக்கு வர, சுமார் 2.6 தடவை இரட்டிக்க வேண்டும். தொற்றின் தொடக்கத்தில் ஹெபடைடிஸ் சி இரட்டிக்க அரை நாள் போதும்; எச்.ஐ.வி.க்குச் சுமார் 20 மணி நேரம். ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டரை நாள். ஆக, கலப்பதால் இழப்பது ஹெபடைடிஸ் சி-யில் ஒரு நாள் சொச்சம், எச்.ஐ.வி.யில் இரண்டு நாள் சொச்சம், ஹெபடைடிஸ் பி-யில் ஆறரை நாள். முதல் இரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் நம் ஊரில் மற்ற இரண்டை விடப் பரவலாக இருப்பது.

ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 1-ஆம் தேதி ஹெபடைடிஸ் பி தொற்றுகிறது. உடம்பில் எந்த அறிகுறியும் இல்லை. 23-ஆம் தேதி, அதாவது 22-ஆம் நாள், முகாமில் ரத்தம் கொடுக்கிறார். ரேபிட் நெகட்டிவ். எலிசா நெகட்டிவ். சிஎல்ஐஏவும் அநேகமாக நெகட்டிவ். கலந்த நாட் எல்லைக்கோட்டில் நிற்கிறது, பிடித்தாலும் பிடிக்கும், விட்டாலும் விடும். தனி நாட் பிடிக்கிறது. பிடிக்காவிட்டால் தட்டணு மூன்று நாளில் ஒரு டெங்கு நோயாளிக்குப் போகும், சிவப்பணு பத்து நாளில் ஒரு தலசீமியா குழந்தைக்குப் போகும், பிளாஸ்மா ஃபிரீசரில் உட்கார்ந்திருக்கும். அவர் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து கொடுக்கும்போது பாசிட்டிவ் என்று தெரிந்தால், பழைய பதிவைப் புரட்டிப் பிளாஸ்மாவை மட்டும் திரும்ப எடுக்கலாம். மற்ற இரண்டுக்கும் நோயாளியைத்தான் தேடிப் போக வேண்டும்.

அதே ஆள் 8-ஆம் நாள் கொடுத்திருந்தால்? தனி நாட்டும் நெகட்டிவ்தான். சாளரம் சுருங்குமே தவிர மூடாது. "நாட் செய்த ரத்தம், நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று போர்டு எழுதி மாட்டியிருக்கும் இடங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் கோபம்கூட வரும்.

ஹெபடைடிஸ் பி-யில் இன்னொரு முனையும் உண்டு. தொற்றி பல வருடம் ஆனவர்கள் சிலரிடம் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்துபோய், ரத்தத்தில் டி.என்.ஏ. மட்டும் மிகச் சன்னமாக ஓடும். அந்த ஆன்டிஜனைத் தேடும் எலிசாவால் அவர்களைப் பிடிக்கவே முடியாது. ஆறில் ஒன்றாக நீர்த்தால் நாட்டும் தவறவிடக்கூடும். பழைய தொற்றுக்கும் அடையாளமாக நிற்கும் கோர் ஆன்டிபாடியைப் பார்த்து இவர்களை ஒதுக்கும் நாடுகள் உண்டு. இங்கே அதைச் செய்தால், என்றோ தொற்றி ஆறிப்போனவர்களையும் சேர்த்து ஏராளமான கொடையாளர்களை இழப்போம்.

நாட் வந்தால் எலிசாவை விடலாமா? கூடாது. வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நாட்டுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கலாம். ஆன்டிபாடி மட்டும் அப்படியே இருக்கும். ஆக நாட் கூடுதல் செலவுதான், மாற்றுச் செலவு அல்ல.

மற்ற செலவுகள்: மாசு படாத தனி இடம், உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயிலிருந்து குறித்த நேரத்துக்குள் பிரித்த பிளாஸ்மா, ரன் தோற்றால் மொத்தமும் திரும்பப் போடும் கிட். கலந்த முறையில் ஆறு பேர் கலவை ஒன்று பாசிட்டிவ் வந்தால், குற்றமில்லாத ஐந்து பையும் பிரித்துப் பார்த்து முடியும்வரை காத்திருக்கும். நாட் மட்டும் பாசிட்டிவ், எலிசா நெகட்டிவ் என்று வந்த கொடையாளரைக் கூப்பிட்டு என்ன சொல்வது, எப்போது மறுமாதிரி எடுப்பது என்பதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

20 பைக்குச் சொந்த நாட் மெஷின் கட்டுப்படியாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்ய முடிந்தது, அருகிலுள்ள பெரிய மையத்துக்கு மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் அனுப்புவது. முடிவு மறுநாள் வரும். தட்டணுவில் ஒரு நாள் போகும். எல்லாப் பையையும் அனுப்பப் பணம் இல்லையென்றால், "காசு கொடுக்கும் நோயாளிக்கு மட்டும்" என்று வைப்பதை விட, முகாம் ரத்தத்தை அனுப்பி அதைத் தலசீமியா குழந்தைகளுக்கு ஒதுக்குவது நியாயம். மாதம் இரண்டு மூன்று பை வீதம் வாழ்நாள் முழுக்க ஏற்றிக்கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

நாட் பொருந்தும் இடம்: சொந்தமாக என்றால் பல மையங்களின் மாதிரி வந்து சேரும் பெரிய இடம். அனுப்பிப் பார்ப்பது என்றால், முதல்முறை கொடையாளர்களும் உறவினர் மாற்றுக் கொடையாளர்களும் அதிகம் வரும் எந்த மையமும். அப்படி வருபவர்களில் சாளரத்துக்குள் ஒருவர் இருக்கும் வாய்ப்பு, வருடக்கணக்காகத் தவறாமல் வருபவர்களை விட அதிகம்.

## எந்த மெஷினாலும் முடியாதது

முகாம் ஒன்றில் வேகத்துக்காக எங்கள் ஆள் ஒருவர் குழாய்களுக்கு முன்கூட்டியே எண் ஒட்டி அடுக்கி வைத்திருந்தார். 14-ஆம் ஆளுக்கு நரம்பு கிடைக்கவில்லை, எழுந்து போய்விட்டார். 15-ஆம் ஆளின் ரத்தம் 14 என்று எழுதிய குழாயில் போனது. அங்கிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப்போனது. மெஷின் எல்லாவற்றையும் சரியாகத்தான் படித்தது. பையோடு ஒட்டியிருக்கும் குழல் துண்டிலிருந்து குரூப்பை மறுபடி பார்த்தபோது, குழாய் ஓ என்றது, பை பி என்றது. அப்படித்தான் தெரிந்தது. அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லாம் ஓ பாசிட்டிவாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது. அன்றையிலிருந்து ஊசி குத்திய கட்டிலருகேதான் பைக்கும் குழாய்க்கும் அட்டைக்கும் ஒரே தாளிலிருந்து ஸ்டிக்கர். நாட் பரிசோதனைக்காக மாதிரியை வெளியே அனுப்பத் தொடங்கினால் குழாய் ஒன்று கூடும், ஸ்டிக்கர் ஒன்று கூடும், தவறும் வாய்ப்பு ஒன்று கூடும்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானே வந்து சொன்னார். அவர் இரண்டு வருடம் முன்பு கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தது என்றும், அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. விலக்கப்பட்ட கொடையாளர் பெயர் அடுத்த முகாமின் மேசையில் தெரியாவிட்டால், தனி நாட்டோ வேறு எதுவோ அந்த ஓட்டையை அடைக்காது.

## நான் என்ன செய்வேன்

இந்த 20 பை மையத்துக்கு முதல் பணத்தை பார்கோடுக்கும் விலக்கப்பட்டவர் பதிவேட்டுக்கும் போடுவேன். எச்.ஐ.வி. கிட் மூன்றாம் தலைமுறையாக இருந்தால் இந்த மாதமே நான்காம் தலைமுறைக்கு மாற்றுவேன். அதில் சாளரம் ஒரு வாரம்வரை சுருங்கும், புது மெஷின் எதுவும் வேண்டாம். டெக்னீஷியன் நிலையாக இருந்தால் எலிசாவில் தொடர்ந்து, மிச்சப்படும் பணத்தில் தனி நாட் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவேன். ஆள் நிற்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார் என்றால் சிஎல்ஐஏ.

நாட் பரிசோதனைக்கு அனுப்பும் இடத்தில் தனியா, கலந்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "நாட்" என்று மட்டும் பில்லில் இருந்தால் அந்த ஆறரை நாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. சிஎல்ஐஏ ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச டெஸ்ட் எண்ணிக்கையை மாதக் கணக்காக இல்லாமல் வருடக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கேட்காதவர்கள்தான் மே மாதம் கட்டுகிறார்கள்.